ரோல்ஓவர் உள்ள 30 நாள் பக்கேஜா, சின்னப் பக்கேஜா? யாழ்ப்பாணத்து பிரீபெய்ட் சிம்முக்கு ஒரு கணக்கு

ரீலோட் கடையில் ஆயிரம் ரூபாவை நீட்டினால், "சும்மா ரீலோட்டோ, பக்கேஜோ?" என்று கடைக்காரர் கேட்பார். பலர் "ரீலோட் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு நாளில் டேட்டா நின்றுவிடும். "ஆயிரம் ரூபா போட்டனான், எங்க போனது?" என்று திரும்பவும் அதே கடைக்கு வருவார்கள். காசு களவு போனது என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு: ஒரு சிம்மில் இரண்டு காலக்கெடு ஓடுகிறது, அவர்கள் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, பிரதான மீதியின் கெடு. ரீலோட் போடும் காசு பிரதான மீதியில் ஏறும். போட்ட தொகையைப் பொறுத்து அதற்கு இத்தனை நாள் என்று ஒரு கணக்கு உண்டு. கெடு முடிய முன்னர் இன்னொரு ரீலோட் போட்டால் அந்த நாள் பொதுவாக நீளும். முடிந்தாலும் காசு உடனே அழிந்துவிடுவது குறைவு. முதலில் வெளியே அழைப்பு எடுக்க முடியாமல் போகும், உள்ளே வரும் அழைப்பு இன்னும் சில காலம் வரும். அந்தச் சலுகைக் காலத்துக்குள் ரீலோட் போட்டால் உறைந்திருந்த மீதி பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அதையும் தாண்டினால் மீதியும் போகும், கடைசியில் எண்ணும் போகும்.

இரண்டாவது, டேட்டா பக்கேஜின் கெடு. இதற்குச் சலுகைக் காலம் கிடையாது. நேரம் வந்த நிமிடமே மிச்ச ஜிபி இல்லாமல் போகும். பிரதான மீதியில் எத்தனை ஆயிரம் கிடந்தாலும், எத்தனை தடவை சும்மா ரீலோட் போட்டாலும், பக்கேஜின் நாள் ஒரு மணித்தியாலம்கூட நீளாது. "ரீலோட் போட்டனான், டேட்டாவுக்கும் நாள் கூடியிருக்கும்தானே" என்ற நம்பிக்கையில்தான் எங்கள் பக்கத்தில் அதிகமான ஜிபி வீணாகிறது.

இந்த இரண்டாவது கெடுவைச் சமாளிக்க மூன்று வழி இருக்கிறது. பாவிக்காத மிச்ச டேட்டா அடுத்த சுற்றுக்கு நகரும் வசதியான ரோல்ஓவர் உள்ள 30 நாள் பக்கேஜ் எடுக்கலாம். ரோல்ஓவர் இல்லாத, கொஞ்சம் மலிவான 30 நாள் பக்கேஜை எடுத்து, தேவைப்படும்போது மேலதிக டேட்டா போடலாம். அல்லது கிழமைக்குக் கிழமை சின்னப் பக்கேஜ் போடலாம். எது லாபம் என்று சொல்ல முன்னர், ரோல்ஓவர் என்றால் உண்மையில் என்ன என்று பார்க்கவேண்டும். அதைத்தான் கூடுதலாகப் பிழையாக வாசிக்கிறார்கள்.

"மிச்சம் அடுத்த மாதத்துக்கு வரும்" என்பதன் உள்ளே

விளம்பரத்தில் ஒரு வரிதான் இருக்கும். விதியில் அந்த வரிக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம், ஏன் ஒரே நிறுவனத்தில் பக்கேஜுக்குப் பக்கேஜ்கூட அவை மாறும். ஆனாலும் பார்க்கவேண்டிய இடங்கள் அவையேதான்.

மிச்சம் தானாக நகர்வதில்லை. பழைய பக்கேஜ் உயிரோடு இருக்கும்போதே புதுப்பித்திருக்கவேண்டும். பத்து நிமிடம் பிந்தினால், 6 ஜிபி மிச்சம் இருந்தாலும் அது பூச்சியம். இங்கேதான் திகதிக் கணக்கு காலை வாரும். மார்ச் 5 பின்னேரம் 7.40க்கு 30 நாள் பக்கேஜ் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 தரம் 24 மணித்தியாலம் என்று எண்ணும் பக்கேஜ் ஏப்ரல் 4 பின்னேரம் 7.40க்கு முடியும். போட்ட நாளையே முதல் நாளாக எண்ணும் பக்கேஜ் ஏப்ரல் 3 இரவு 11.59க்கு முடியும். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 20 மணித்தியாலம். "ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி போடுறனான்" என்பவர் இரண்டு முறையிலும் பிந்தித்தான் போகிறார். சம்பளம் வந்த கையோடு ரீலோட் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். 30 நாள் என்பது மாதம் அல்ல. 31 நாள் உள்ள ஒவ்வொரு மாதமும் முடிவுத் திகதி ஒரு நாள் முன்னுக்கு வரும்.

அடுத்தது, புதுப்பிப்பதும் புதிதாக வாங்குவதும் ஒன்றல்ல. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைக்குப் போய் அதே பக்கேஜைத் திரும்பப் போட்டால் மூன்றில் ஒன்று நடக்கலாம். மிச்ச ஜிபி புதியதோடு சேர்ந்து, 30 நாள் இன்றிலிருந்து தொடங்கலாம். அப்படியென்றால் டேட்டா தப்பும், இரண்டு நாள் போகும். பழையது முடிந்தபின் புதியது தொடங்கும்படி வரிசையில் நிற்கலாம். அல்லது இரண்டும் தனித்தனிப் பைகளாக, தனித்தனித் திகதியோடு ஓடலாம். இந்த மூன்றாவதில் ரோல்ஓவரே நடக்கவில்லை. இரண்டு நாளில் பழைய பை அதன் பாட்டில் காலாவதியாகும். எது நடந்தது என்று அறிய, போட்ட உடனே நிறுவனத்தின் செயலியில் டேட்டாப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் கூட்டிய ஜிபியும் ஒரே முடிவுத் திகதியும் இருந்தால் சேர்ந்துவிட்டது. இரண்டு வரியும் இரண்டு திகதியும் இருந்தால் சேரவில்லை.

வேறு பக்கேஜுக்கு மாறினாலும் பெரும்பாலும் மிச்சம் வராது. "போன மாதம் 15 ஜிபி, இந்த மாதம் 20 ஜிபி போடுவம்" என்று கூடிய பக்கேஜுக்குப் போகிறவர்கள், கூட்டித்தானே போடுகிறோம், பழையதும் சேரும் என்று நினைக்கிறார்கள். விதியில் "அதே பக்கேஜை" என்று இருந்தால் சேராது. இடையில் போட்ட மேலதிக டேட்டாவும், இனாமாகக் கிடைத்த ஜிபியும், யூடியூப், வாட்ஸ்அப்புக்கென்று ஒதுக்கிய டேட்டாவும் வழமையாக ரோல்ஓவருக்குள் அடங்காது.

இரவு டேட்டாவையும் தனியாகப் பார்க்கவேண்டும். 40 ஜிபி என்று பெரிதாக எழுதிய பக்கேஜில் 20 எந்நேரமும் பாவிக்கக்கூடியது, 20 நள்ளிரவு தாண்டிக் காலை வரைக்கும் மட்டும் என்று பிரிந்திருக்கலாம். பகலில் ஸூம் வகுப்புப் பார்க்கும் பிள்ளைக்கு அது 20 ஜிபி பக்கேஜ்தான். ரோல்ஓவர் எந்தப் பாதிக்கு என்று விதியில் பார்க்காமல், மிச்சம் 15 ஜிபி வரும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். அந்த 15உம் இரவுப் பங்காகவே இருந்திருக்கும்.

எந்தப் பை முதலில் குறைகிறது?

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியில்தான் ரோல்ஓவரின் முழுப் பெறுமதியும் தங்கியிருக்கிறது.

20 ஜிபி பக்கேஜ், ரோல்ஓவர் உண்டு, ஆனால் வந்த மிச்சம் ஒரு தடவைதான் நகரும் என்று எடுங்கள். முதல் சுற்றில் 14 பாவித்தீர்கள், 6 மிச்சம். நேரத்துக்குப் புதுப்பித்தீர்கள். இப்போது கையில் 26. இரண்டாம் சுற்றில் 18 பாவிக்கிறீர்கள்.

பழைய 6 முதலில் குறையும் என்பது விதியானால், அந்த 6 முடிந்து, புதிய 20இல் 12 போகும். புதியதில் 8 மிச்சம். அது மூன்றாம் சுற்றுக்கு வரும். புதியது முதலில் குறையும் என்பது விதியானால், 18உம் புதிய 20இலிருந்தே போகும். புதியதில் 2தான் மிச்சம். தொடாமல் கிடந்த பழைய 6 ஏற்கனவே ஒரு தடவை நகர்ந்துவிட்டதால் அங்கேயே சாகும். மூன்றாம் சுற்றுக்கு வருவது 2 ஜிபி.

ஒரே பக்கேஜ், ஒரே விலை, ஒரே பாவனை. ஒருவருக்கு 8, மற்றவருக்கு 2. இரண்டாமவர் பார்க்கும்போது "ரோல்ஓவர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்" என்றுதான் தோன்றும். விதி எழுதியபடியே நடந்திருக்கும். வாங்க முன்னர் வாடிக்கையாளர் சேவையில் கேட்கவேண்டிய கேள்வி "ரோல்ஓவர் இருக்கோ?" என்பதல்ல, "போன சுற்று மிச்சம் முதலில் குறையுமா, புதியது முதலில் குறையுமா? ஒருதரம் வந்தது மறுபடி நகருமா?" என்பதுதான். வாங்கியபின் நீங்களே பரிசோதிக்கவும் முடியும். புதுப்பித்த அன்று இரண்டு பையின் அளவையும் ஸ்கிறீன்ஷொட் எடுங்கள். ஒரு ஜிபி பாவித்தபின் திரும்பவும் எடுங்கள். எது குறைந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்று வழியும் ஒரே வீட்டில்

கொக்குவிலில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஒரு போன், அதிலிருந்தே ஹொட்ஸ்பொட். நான்கு சுற்றுப் பாவனை 14, 18, 12, 16 ஜிபி. 18 வந்த சுற்றுக்குள் நல்லூர்த் திருவிழா விழுந்தது. 25 நாளும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்கு வீடியோவில் காட்டினால் அப்படித்தான் ஏறும். மொத்தம் 60 ஜிபி. கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்கு எடுத்தவை, வரியும் சேர்த்து. உங்கள் சிம்மின் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் பெரிய பக்கேஜ்: 20 ஜிபி, ரோல்ஓவரோடு, 1000 ரூபா. நான்கு சுற்றுக்கு 4000. வாங்கியது 80, பாவித்தது 60. இந்த வீடு எந்தச் சுற்றிலும் 20ஐத் தாண்டவே இல்லை. ஆகவே நகர்ந்துவந்த மிச்சத்தில் ஒரு ஜிபிகூட உண்மையில் தேவைப்படவில்லை. செயலியில் மிச்சம் கூடிக்கொண்டு போவதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அது ஒரு நாளும் காசாகாது. பாவனை எப்போதும் பக்கேஜுக்குள் அடங்குகிறவருக்கு ரோல்ஓவர் ஒரு பிரயோசனமும் தராது. அவருக்குச் சின்னப் பக்கேஜ்தான் தேவை.

இரண்டாவது: 15 ஜிபி, ரோல்ஓவர் இல்லை, 800 ரூபா. மேலதிக 3 ஜிபி 200 ரூபா. முதல் சுற்று 14, போதும். இரண்டாவதில் 18, ஒரு மேலதிகம். மூன்றாவது 12, போதும். 3 ஜிபி அழியும். நான்காவதில் 16, ஒரு ஜிபிக்காக இன்னொரு மேலதிகம். எல்லாம் சேர்த்து 3600.

மூன்றாவது: அதே 15 ஜிபி, ரோல்ஓவரோடு, 850 ரூபா. முதல் சுற்றில் 1 மிச்சம் நகர்கிறது. இரண்டாவதில் கையில் 16, தேவை 18, ஒரு மேலதிகம் 200. மூன்றாவதில் 12 போக 3 நகர்கிறது. நான்காவதில் கையில் 18, தேவை 16, மேலதிகம் வேண்டாம். நான்கு 850உம் ஒரு 200உம் 3600.

இரண்டும் சமம். ரோல்ஓவருக்காகச் சுற்றுக்கு 50 கூடக் கொடுத்தது நான்கில் 200. அது மிச்சம் பிடித்துத் தந்ததும் ஒரே ஒரு மேலதிகம், 200. ஆனால் இந்தச் சமம் எல்லாச் சுற்றிலும் நேரத்துக்குப் புதுப்பித்தால்தான். மூன்றாம் சுற்று முடிவில் ஒரு நாள் பிந்தினால் அந்த 3 ஜிபி போகும், நான்காவதில் 200 மேலதிகம் தேவைப்படும், மொத்தம் 3800. ரோல்ஓவருக்குக் காசு கொடுத்து, ரோல்ஓவர் இல்லாதவரைவிடக் கூடச் செலவழித்ததாக முடியும்.

ஆகவே என் அபிப்பிராயம் நேரானது. பாவனை ஒரு சுற்றில் பக்கேஜுக்குக் கீழேயும் அடுத்ததில் மேலேயும் மாறி மாறி வருகிறவர், திகதி தவறாமல் புதுப்பிக்கக்கூடியவர், ரோல்ஓவர் எடுக்கலாம். மற்றவர்கள் மலிவான பக்கேஜும் தேவைக்கு மேலதிகமும் என்றே போகலாம்.

கடைசி வழியான கிழமைப் பக்கேஜை 4 ஜிபி 250 ரூபா என்று எடுத்தால், இடைவெளி இல்லாமல் 17 பக்கேஜ் நான்கு சுற்றின் 120 நாளில் 119 நாளுக்குப் போதும், 4250 ரூபா. தொடர்ந்து பாவிக்கிறவருக்கு இது நட்டம். ஆனால் வீட்டில் வைபை இருந்து, கொழும்புக்குப் போய்வரும் கிழமையில் மட்டும் டேட்டா தேவைப்படுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. மாதத்தில் இரண்டு கிழமை மட்டும் போட்டால் 500 ரூபாவோடு முடியும்.

திகதிக்கு முதல்நாள் கெடுவது

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டால் பிந்தாது என்று நினைப்போம். அது பிரதான மீதியிலிருந்து காசு எடுக்கும். ஒரு ரூபா குறைந்தாலும் எடுக்காது. மேலே கணக்குக்கு எடுத்த 850 வரியும் சேர்ந்த தொகை. அதே 850 வரி நீங்கலாக எழுதப்பட்டிருந்தால், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரி மட்டுமே 153 ரூபா. கூட்டினால் 1003. மீதியில் வட்டமாக ஆயிரம் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தவருக்கு மூன்று ரூபாவால் புதுப்பிப்பு நடக்காது. மிச்ச ஜிபி முழுவதும் இரவோடிரவாகப் போகும். பக்கேஜின் உண்மையான விலையை அறிய, போன தடவை புதுப்பித்தபோது மீதி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அடுத்த தடவைக்கு அதைவிட 50 ரூபா கூட வையுங்கள்.

அவசரத்துக்கு எடுத்த கடன் ரீலோட்டும் இதையே செய்யும். அடுத்து போடும் ரீலோட்டில் கடனும் அதன் கட்டணமும் முதலில் கழியும். 1000 போட்டீர்கள், ஏறியது 880 என்றால், 1000 ரூபா பக்கேஜின் புதுப்பிப்புக்குக் காசு போதாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் ரீலோட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. சில குறிப்பிட்ட தொகைகள் போட்டால் அந்தத் தொகைக்கான பக்கேஜ் தானாகவே ஏறிவிடும், பிரதான மீதியில் ஒன்றும் சேராது. "காசு அனுப்பினனான், ஏன் பக்கேஜ் புதுப்பிக்கேல்லை?" என்று அங்கே கோபம், "ஒன்றும் வரேல்லை" என்று இங்கே கவலை. வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தால் வேறொரு பக்கேஜின் பெயர் இருக்கும். அனுப்புகிறவரிடம் தொகையை மட்டும் சொல்லாமல், பிரதான மீதிக்கு என்றும் சொல்லிவிடுங்கள்.

பக்கேஜ் முடிந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். டேட்டா போட்டபடியே போன் கிடந்தால், பல சிம்களில் இணைப்பு நிற்காது. பக்கேஜ் இல்லாத வீதத்தில் பிரதான மீதியிலிருந்து கழியத் தொடங்கும். நள்ளிரவில் முடிந்த பக்கேஜ், பின்னணியில் செயலிகளைப் புதுப்பிக்கும் போன், விடிய எழும்பினால் மீதி பூச்சியம். "வலிடிட்டி முடிஞ்சு காசு போட்டுது" என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் இதுதான். இரண்டையும் பிரித்தறிவது சுகம். கெடு முடிந்து போன மீதி ஒரே தடவையில் முழுதாகப் போகும், அல்லது உறைந்து நிற்கும். டேட்டா தின்ற மீதி சிறிது சிறிதாக, சில நிமிட இடைவெளியில் கழிந்திருக்கும். செயலியின் பாவனைப் பட்டியலில் நேரத்தோடு தெரியும். பக்கேஜுக்கு வெளியே டேட்டா ஓடாமல் நிறுத்திவைக்கும் தெரிவு உங்கள் சிம்மில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முடிவு நாளன்று படுக்க முன்னர் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள்.

மீதியைப் பார்க்க டயலொக்கில் `#456#`, மொபிட்டெலில் `*100#`, ஹட்சில் `*344#` அடிக்கலாம். பக்கேஜின் ஒவ்வொரு பைக்கும் உள்ள திகதிக்குச் செயலிதான் வசதி. சாதா போன் வைத்திருக்கும் அம்மம்மாவுக்கு, பக்கேஜ் ஏறியதும் வரும் குறுஞ்செய்தியில் உள்ள முடிவுத் திகதியை, அதற்கு ஒரு நாள் முன்னதாகக் கலண்டரில் குறித்துக் கொடுங்கள்.

விதிப்படி வரவேண்டிய மிச்சம் வரவில்லை என்றால், புதுப்பித்த குறுஞ்செய்தி, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிறீன்ஷொட், காசு கழிந்த நேரம் ஆகிய மூன்றோடும் முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "பார்க்கிறம்" என்ற வார்த்தையோடு தொலைபேசியை வைக்கவேண்டாம். அங்கே தீராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற எண்ணில் முறையிடலாம். நிறுவனத்திடம் முதலில் சொன்னீர்களா என்று அங்கே கேட்பார்கள். அப்போது அந்த இலக்கம் கையில் இருக்கவேண்டும்.